மேடை நாடக ஆடிஷன்: நேரம் ஒதுக்குவது, வெளியே வரிசை வைப்பது, மறுஅழைப்பை அடுக்குவது

முதன்முதலாக ஓர் ஆடிஷனுக்கு நான் அட்டவணை போட்டபோது ஆளுக்கு 6 நிமிடம் வீதம் 24 பேரை இடைவெளியே இல்லாமல் அடுக்கினேன். தாளில் அழகாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கெல்லாம் 50 நிமிடம் பின்தங்கிவிட்டோம். பாட்டி வேடத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய ஓர் ஆன்ட்டி, "பேரப்பிள்ளையைக் கூட்டிட்டு வரணும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். தவறு முழுக்க என்னுடையது. அதற்கப்புறம் பல ஆடிஷன்களில் கதவருகே நின்றிருக்கிறேன். புதிதாக அட்டவணை போட வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அன்று நான் விழுந்த இடங்கள்தான்.

கீழே வருவது ஆறு வேடங்கள் கொண்ட ஒரு குடும்ப நாடகத்துக்கு நாங்கள் செய்த ஏற்பாடு: அம்மா, அப்பா, மகள், மகன், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர். 38 பேர் படிவம் நிரப்பினார்கள். நேரத்தை உறுதி செய்தவர்கள் 32 பேர்.

1. படிவத்தில் முதலில் கேட்க வேண்டியது: எப்போது வர முடியாது

பெயர், வயது வரம்பு, தொலைபேசி எண், எந்த வேடம் என்பதெல்லாம் எல்லோரும் கேட்பார்கள். "எந்த நேரம் வசதி?" என்றும் கேட்பார்கள். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் "எப்போ வேணும்னாலும் சரி" என்பதுதான். ஆடிஷனுக்கு முந்தின இரவு அதே ஆள் வாட்ஸ்அப்பில் "நாளைக்கு மதியம் ஷிஃப்ட் இருக்கு" என்பார். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இந்த இரண்டு நாளில் எந்த நேரத்தில் நிச்சயமாக வர முடியாது?" இப்படிக் கேட்டால்தான் தாதியர் இரவு வேலை முடிந்து வருவதையும், பெற்றோர் பிள்ளையின் துணைப்பாட வகுப்பையும் எழுதுவார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. துவாஸ் பக்கமுள்ள விடுதியிலிருந்து வருபவருக்குப் பயணமே ஒன்றரை மணி நேரம் ஆகலாம், அவரை முதல் ஆளாகப் போடாதீர்கள். நோன்பு மாதமாக இருந்தால் வார நாள் மாலை ஏழு மணியை ஒட்டி யாரையும் கூப்பிட வேண்டாம். இங்கே நோன்பு திறப்பது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

ஐசி எண் கேட்காதீர்கள். சட்டப்படி தேவை இல்லாதபோது நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆடிஷனுக்கு அது எதற்குமே தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் எண்ணையும் ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பதைக் கடிகாரம் வைத்துக் கண்டுபிடியுங்கள்

இயக்குநரிடம் கேட்டால் "அஞ்சு நிமிஷம் போதும்" என்பார். அவர் மனசில் இருப்பது நடிப்பு மட்டும். ஆள் உள்ளே வருவது, பையை வைப்பது, வணக்கம் சொல்வது, தண்ணீர் குடிப்பது, வெளியே போவது இதெல்லாம் அவர் கணக்கில் வராது. நண்பர் ஒருவரை ஆடிஷனுக்கு வந்தவர் போல நடக்கச் சொல்லி, முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்த கணக்கு இது:

உள்ளே வந்து நிற்க 1 நிமிடம். தயார் செய்த வசனம் 2 நிமிடம். இயக்குநர் ஒரு மாற்றம் சொல்லி மறுபடி செய்ய வைக்க இரண்டரை நிமிடம். கொடுத்த பக்கத்தை இன்னொருவரோடு வாசிக்க 2 நிமிடம். ஒத்திகை நாள்களுக்கு வர முடியுமா என்று கேட்க 1 நிமிடம். ஆள் வெளியே போன பிறகு குறிப்பு எழுத ஒன்றரை நிமிடம். மொத்தம் 10.

கடைசி ஒன்றரை நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். அதை வெட்டினால் குறிப்பு எழுதுவது அடுத்த ஆள் வசனம் பேசும்போது நடக்கும். அவர் தன் முதல் வரியை மூன்று குனிந்த தலைகளைப் பார்த்துச் சொல்வார். சாயங்காலம் பெயர்களை எடுத்து வைத்துப் பேசும்போது, "பச்சைச் சட்டை போட்டவரா, அவருக்கு முன்னாடி வந்தவரா?" என்று நடுவர்களே குழம்புவார்கள்.

நேரம் அதிகமாக ஓடுவது இரண்டு இடத்தில். ஒன்று, மாற்றம் சொல்லும் இடம். சில இயக்குநர்கள் அங்கே ஒத்திகையே ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு தடவை என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டாவது, தெரிந்த முகம் உள்ளே வரும்போது. நம் நாடக வட்டம் சின்னது. "அக்கா எப்படி இருக்கீங்க, போன வருஷ நாடகத்துல..." என்று ஆரம்பித்தால் 3 நிமிடம் போச்சு. அந்தப் பேச்சு வெளியே காத்திருக்கும் புது ஆளின் காதிலும் விழும். வேடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

3. ஐந்து பேர், பிறகு பத்து நிமிடம் காலி

அறை கிடைத்தது சனிக்கிழமை மதியம் 1 முதல் 6 வரை. சமூக மன்றமோ கலை நிலையமோ, அடுத்த குழு வாசலில் வந்து நிற்கும். 6 மணி என்றால் 6 மணிதான். முதல் அரை மணி நாற்காலி போடவும் கடைசி அரை மணி ஒதுங்க வைக்கவும் போனால் மீதி 4 மணி நேரம்.

ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 24 பேர் என்று கணக்குப் போடத் தோன்றும். 20 பேர்தான் போட வேண்டும். ஐந்து பேருக்கு 50 நிமிடம், அப்புறம் 10 நிமிடம் காலி. இது ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டும் சரியாக ஒரு மணி நேரம்: 1.30, 2.30, 3.30, 4.30. கடிகாரத்தைப் பார்த்தவுடனே பின்தங்கியிருக்கிறோமா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொருவரும் 2 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் இடைவெளி இல்லாத அட்டவணையில் இருபதாவது ஆள் 38 நிமிடம் தாமதமாக உள்ளே போவார். கட்டு முறையில் ஐந்தாவது ஆளுக்கு 8 நிமிடம் தாமதம், ஆறாவது ஆளுக்கு எதுவுமில்லை. அந்த 10 நிமிடம் தேநீருக்கு என்று அச்சிட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் குடித்தே தீருவார்கள், பின்தங்கல் அப்படியே இருக்கும். எல்லாம் நேரப்படி போனால் மட்டும்தான் அது தேநீர்.

கூகல் ஷீட்டில் B2-இல் முதல் நேரத்தை இட்டுவிட்டு B3-இல் இதைப் போட்டு B6 வரை இழுங்கள்:

```
=B2+TIME(0,10,0)
```

ஆறாவது ஆள் B7-இல் வருவார். அங்கே மட்டும் காலி நேரத்தையும் சேர்த்து:

```
=B6+TIME(0,20,0)
```

1.30-இல் தொடங்கினால் B6-இல் 2.10, B7-இல் 2.30 என்று வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரிசை நழுவியிருக்கிறது.

சனிக்கிழமை 20 பேர் போனால் மீதி 12. ஞாயிறு அதே நேரத்தில் இரண்டு கட்டும் இரண்டு ஆளும், 3.50-க்கு முடிந்தது. சனிக்கிழமை தவறவிட்டவர்களுக்கும் நடுவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கும் அந்த ஞாயிறு மாலையை வேண்டுமென்றே காலியாக வைத்திருந்தோம்.

4. யார் எந்த நேரத்தில்

முதலில், வர முடியாத நேரம் எழுதியவர்களை வையுங்கள். அடுத்து பெற்றோரோடு வரும் சிறுவர்கள், பிறகு வயதானவர்கள். இவர்களுக்குக் கட்டின் முதல் இரண்டு இடம் கொடுத்தால் காத்திருப்பு குறையும். கட்டின் கடைசி இடம்தான் எப்போதும் தாமதத்தைச் சுமக்கும், அங்கே அவசரம் இல்லாதவரைப் போடுங்கள்.

அன்றைய முதல் ஆளாக யாரைப் போடுவது என்பது தனிக் கேள்வி. முதல் ஆளைப் பார்க்கும்போது நடுவர்களுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. ஒன்று கறாராக இருப்பார்கள், இல்லை தாராளமாக இருப்பார்கள். குழுவில் முன்பே நடித்த, திறமை தெரிந்த ஒருவரை அங்கே போடுவது என் வழக்கம். அவரை எடை போடுவதில் பெரிய பிழை வராது.

ஒரே வேடத்துக்கு வருபவர்களை அடுத்தடுத்துப் போடலாமா என்று கேட்பார்கள். ஒப்பிட வசதிதான். ஆனால் வெளியே ஐந்து அம்மாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தை முணுமுணுப்பார்கள். ஒருவர் சொல்லும் ஏற்ற இறக்கம் அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது அம்மாவிலிருந்து எல்லோரும் ஒரே மாதிரி அழுதார்கள், பார்த்தேன். ஆகவே ஒரு கட்டில் ஒரே வேடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

எதிர் வசனம் வாசிக்க ஒருவரைத் தனியாக வையுங்கள். இயக்குநரே வாசித்தால் அவர் தாளைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். இரண்டு கட்டு முடிந்ததும் வாசிப்பவரை மாற்றுங்கள். பத்துப் பேரோடு அதே வசனத்தைச் சொன்னவர் பதினோராவது ஆளுக்கு வெறும் சத்தத்தைத்தான் கொடுப்பார். அந்தச் சோர்வு மாலைப் பக்கம் வருபவர்களின் நடிப்பில் குறையாகத் தெரியும்.

5. நேரத்தைத் தனித்தனியாக அனுப்புங்கள்

எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் சுலபமான தவறு. 32 பேரின் எண்ணும் மற்ற 31 பேருக்குப் போய்விடும். யார் யாரோடு போட்டி என்பதும் தெரிந்துவிடும். "என் நேரத்தை அவரோடு மாத்திக்கிறேன்" என்று தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு உங்களுக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

தனிச் செய்தியில் இரண்டு நேரம் எழுதுங்கள்: "வர வேண்டியது 2.15, உள்ளே அழைப்பது 2.30." 2.30 என்று மட்டும் எழுதினால் 2.30-க்கு எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, "இதோ வந்துட்டேன்" என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் முன்னதாகவும் வரச் சொல்லாதீர்கள், வெளியே இடம் இருக்காது. எந்த வாயில், எந்த மின்தூக்கி, எந்த மாடி என்பதையும் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராதவருக்கு ஒரு போன் போடுங்கள். பதில் வராத இடம் பெரும்பாலும் காலி இடம்தான்.

6. வெளியே: வந்த வரிசை வேண்டாம், கொடுத்த வரிசைதான்

அறைக்கு வெளியே ஒரு மேசை, ஒரு பட்டியல், ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஸ்டேஜ் மேனேஜராக இருந்தால் நல்லது. கட்டாயம் ஆடிஷன் கொடுக்காதவராக இருக்க வேண்டும். பட்டியலில் மூன்று கட்டம் போதும்: கொடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம், உள்ளே போன நேரம். இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தால்தான் தாமதம் அவரால் வந்ததா, நம்மால் வந்ததா என்று பிறகு சொல்ல முடியும்.

கொடுத்த நேரப்படிதான் அழைப்பு. இதைச் சொல்வது எளிது, நடைமுறையில் கதவருகே நிற்பவருக்குத்தான் கஷ்டம். நம் வழக்கத்தில் மூத்தவருக்கு முன்னுரிமை கொடுப்பது கையோடு வரும். சனிக்கிழமை 1.50-க்கே ஒரு மூத்த நடிகர் வந்துவிட்டார், அவர் நேரம் 2.40.

"தம்பி, என்னை மட்டும் முன்னாடி விட்டுடுப்பா. தேக்காவுல சாமான் வாங்கணும், வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அண்ணே, யாராவது வரலைன்னா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன். அதுவரைக்கும் இந்த ஃபேனுக்குக் கீழே உட்காருங்க, தண்ணி தர்றேன்."

2 மணிக்குரியவர் வரவே இல்லை. 2.04-க்கு அண்ணன் உள்ளே போனார். அவர் காதில் இது முடியாது என்று விழவில்லை, யாருடைய நேரமும் பறிபோகவில்லை. அவரை 1.50-க்கே விட்டிருந்தால் அந்த நேரத்துக்குரிய பெண், புது முகம், வாயைத் திறந்து எதுவும் கேட்டிருக்க மாட்டார். 10 நிமிடம் தள்ளி நடுங்கிக்கொண்டே உள்ளே போயிருப்பார்.

தாமதமாக வருபவருக்கும் விதி ஒன்றுதான்: தன் நேரம் தொடங்கி 3 நிமிடத்துக்குள் வந்தால் உள்ளே, மீறினால் அந்தக் கட்டின் காலி நேரத்தில். அதுவும் நிரம்பிவிட்டால் ஞாயிறு மாலை. இதை அனுப்பும் செய்தியிலேயே எழுதிவிட்டால் அன்று வாக்குவாதம் வராது.

இருக்கை வைப்பதிலும் ஒரு முறை உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அடுத்து உள்ளே போகிறவர் மட்டும் அதில். அவரை 3 நிமிடம் முன்னால் அங்கே மாற்றி, போனை அமைதியில் வைக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். கதவோரம் எல்லோரும் உட்கார்ந்தால் உள்ளே இயக்குநர் சொல்லும் மாற்றம் வெளியே கேட்கும், மூன்றாவது ஆள் அதைத் தயார் செய்துகொண்டே வருவார். சோதிப்பது சுலபம்: அறைக்குள் ஒருவரை வசனம் பேசச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வார்த்தை புரிந்தால் நாற்காலியை இன்னும் தள்ளுங்கள்.

முடித்து வருபவர் நேரே மின்தூக்கிக்குப் போக வழி இருக்கட்டும். காத்திருப்பவர்களைத் தாண்டிப் போனால் "என்ன கேட்டாங்க?" என்ற கேள்வி வரும். அவர் நல்ல மனதோடு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

7. மறுஅழைப்பு: வேடத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள்

முதல் சுற்றில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தோம். மறுஅழைப்பில் பார்ப்பது ஜோடியை. இந்த அம்மாவும் இந்த மகளும் ஒரே வீட்டில் இருப்பவர்களாகத் தெரிகிறார்களா? ஆகவே நன்றாகச் செய்தவர் எல்லோரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு வேடத்துக்கு ஒருவர்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால், ஜோடி பார்க்கத் தேவை இல்லையென்றால், அவரை நேரடியாகவே தேர்வு செய்யலாம்.

ஞாயிறு மாலை பேசி முடித்தபோது 12 பேர் இருந்தார்கள்: அம்மா 3, மகள் 2, அப்பா 2, பாட்டி 2, மகன் 2, பக்கத்து வீட்டுக்காரர் 1. புதியவர்கள் இந்த 12 பேரையும் 2 மணிக்கு வரச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் 8 நிமிடத்துக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பதில் அலை அலையாகக் கூப்பிடுங்கள். எந்த வேடம் அதிகக் காட்சிகளில் மற்றவர்களோடு வருகிறது என்று பாருங்கள். இங்கே அது அம்மா. அம்மாக்களை இரண்டு அலைக்கு நிறுத்தி வைத்து மற்றவர்களை வர வைத்து அனுப்பினோம்.

2.00 முதல் 2.50 வரை அம்மாக்களும் மகள்களும். 3 பேருக்கு 2 பேர், 6 ஜோடி, ஜோடிக்கு 8 நிமிடம், மொத்தம் 48. 3.00 முதல் 3.50 வரை அதே அம்மாக்களும் அப்பாக்களும். 4.00 முதல் 4.40 வரை பாட்டிகளும் மகன்களும் 4 ஜோடி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டிகளை 3.45-க்கு வரச் சொன்னால் போதும்.

அலைக்குள் ஜோடிகளை அடுக்கும் வரிசையும் முக்கியம். முதல் அம்மாவை இரண்டு மகள்களோடும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவர் இரண்டாவது தடவை களைப்பாகவோ பழகியோ இருப்பார், இரண்டாவது மகளுக்கு அது சாதகமோ பாதகமோ ஆகிவிடும். நாங்கள் வைத்த வரிசை: அம்மா 1 மகள் 1, அம்மா 2 மகள் 2, அம்மா 3 மகள் 1, அம்மா 1 மகள் 2, அம்மா 2 மகள் 1, அம்மா 3 மகள் 2. யாரும் தொடர்ந்து இரண்டு முறை செய்யவில்லை, ஆறு ஜோடியும் வந்துவிட்டன.

அலைகளுக்கு நடுவே இருக்கும் 10 நிமிடத்தில் ஸ்டேஜ் மேனேஜர் உள்ளே போய்க் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "மகள்களை அனுப்பிவிடலாமா?" இதைக் கேட்காமல் அனுப்பிவிட்டால் நாலரை மணிக்கு இயக்குநர், "அந்த ரெண்டாவது பொண்ணை இன்னொரு தடவை பார்க்கணுமே" என்பார். அந்தப் பெண் அப்போது ஈசூன் போகும் ரயிலில் இருப்பார்.

மறுஅழைப்புச் செய்தியில் எந்த வேடம், எந்தக் காட்சி, எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்ற நான்கும் இருக்க வேண்டும். புதுக் காட்சியை இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள். வாசிக்கும் தமிழில் தடுமாறுபவர்கள் நன்றாக நடிப்பவர்களாகவும் இருக்கலாம். இங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். முன்கூட்டியே கொடுக்காவிட்டால் நீங்கள் வாசிப்பைத்தான் சோதிப்பீர்கள்.

8. கூப்பிடாதவர்களுக்கும் அதே நாளில் செய்தி

மறுஅழைப்புச் செய்தி போன அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் 12 பேருக்கு அனுப்பும் அதே மாலையில் மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். "இந்த நாடகத்தின் வேடங்களுக்கு இந்த முறை உங்களை அழைக்கவில்லை, வந்ததற்கு நன்றி" என்ற அளவு போதும். காரணம் எழுத ஆரம்பித்தால் பதில் வரும், பதிலுக்குப் பதில் எழுத வேண்டும். வேடங்கள் முடிவான பின் மறுஅழைப்புக்கு வந்தும் கிடைக்காதவர்களுக்கு மட்டும் போன் செய்து சொல்லுங்கள். அவர்கள் இரண்டு வார இறுதிகளை உங்களுக்குக் கொடுத்தவர்கள்.

மேசையில் இருக்கும் பட்டியலையும் நடுவர்களின் குறிப்புத் தாள்களையும் அன்றே எடுத்துக்கொண்டு போங்கள். ஒருமுறை "குரல் சரியில்லை, பாட்டிக்குக் கூட வேண்டாம்" என்று எழுதிய தாள் அடுத்த குழுவின் நாற்காலியில் கிடந்தது. அந்தக் குழுவில் அந்த ஆன்ட்டியின் மருமகள் இருந்தார்.